இடம் மாறிய கடையின் விபரங்கள் வரைபடத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எப்படி?

கேள்வி: பரந்தன் சந்திக்குக் கிட்ட இருந்த எங்கள் நீர்ப்பம்பி, உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையைக் கரடிப்போக்குப் பக்கம் மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் ஆட்கள் பழைய இடத்துக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கூகுள் வரைபடத்திலும் மற்றத் தளங்களிலும் எங்கள் கடை விபரம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நாங்களே பார்க்கலாமா, காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டுமா?

பதில்:

நீங்களே பார்க்கலாம். ஒரு பிற்பகல் நேரமும், ஒரு வெள்ளைத் தாளும், உங்களுடையது அல்லாத ஒரு கைத்தொலைபேசியும் போதும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் கடைக்கு வரைபடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. புதிய இடத்தில் உள்ள பதிவு சரியாகவே இருக்கக்கூடும். பழைய இடத்தில் உள்ள பதிவு அழியாமல் அதன்பாட்டில் ஆட்களைப் பரந்தனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் அதைத் தேடப் போவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

வரைபடத்தைத் திறக்காமல், முதலில் உங்கள் கடையின் உண்மையான விபரங்களைத் தாளில் எழுதுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு சரிபிழை பார்ப்பவர்கள் திரையில் இருப்பதையெல்லாம் சரியென்று தலையாட்டிவிடுகிறார்கள். சொந்தத் தொலைபேசி எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்ததைக் கடைக்காரரே மூன்று தடவை கவனிக்காமல் விட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தாளில் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகவும் ஒவ்வோர் இலக்கமாகவும் திரையோடு ஒப்பிட்டால் அந்தப் பிழை தப்பாது.

தாளில் பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துவைத்து, இனிமேல் எல்லாத் தளங்களிலும் எது என்று ஒன்றை முடிவுசெய்யுங்கள். சிலர் பெயரோடு சேர்த்து, விற்கும் பொருட்களையும் ஊரையும் எழுதிவிடுகிறார்கள். கூகுளின் விதிப்படி கடையின் பெயர் என்பது பலகையில் இருக்கும் பெயர் மட்டுமே. பொருட்களைப் பெயருக்குள் திணித்த பதிவுகள் இடைநிறுத்தப்படலாம் என்பதால் அந்த வழிக்குப் போக வேண்டாம். முகவரியிலும் இதே போன்றதொரு தெரிவைச் செய்ய வேண்டும். நம்மூரில் ஒரே வீதியைச் சிலர் கண்டி வீதி என்கிறார்கள், சிலர் ஏ9 வீதி என்கிறார்கள். இரண்டும் சரிதான், ஆனால் ஒரு தளத்தில் ஒன்றும் இன்னொரு தளத்தில் மற்றதுமாக இருந்தால் இவை இரண்டு வெவ்வேறு கடைகள் என்று கணினி எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒன்றைத் தெரிந்து, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பெயருக்கும் முகவரிக்கும் அடுத்ததாக, பலரும் எழுதாமல் விடுவது கடை வாசலின் ஆள்கூறுகள். கட்டட இலக்கம் இல்லாத முகவரிகள் நிறைந்த வன்னியில் முகவரியை விட இதுவே கூடுதலாக வேலை செய்யும். கடையின் முன்வாசலில், தகரக் கூரைக்குக் கீழே அல்லாமல் வானம் தெரியும் இடத்தில் நின்று, கூகுள் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளி ஆடாமல் நிலைக்கும் வரைக்கும் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு படத்தை நன்றாகப் பெரிதாக்கி, வாசல் இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்புக் குறி விழும், அதோடு இரண்டு தசம எண்களும் வரும். முதலாவது 9இல் தொடங்கும் அகலாங்கு, இரண்டாவது 80இல் தொடங்கும் நெட்டாங்கு. இரண்டையும் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்கள், கிழமை வாரியாகத் திறந்து பூட்டும் நேரம், கடை எந்த வகையானது என்ற ஒற்றைச் சொல் விபரம் ஆகியவற்றையும் எழுதிவிட்டால் தாள் முடிந்தது.

இனித் திரைக்கு வரலாம். உங்கள் சொந்தத் தொலைபேசியில் பார்த்தால் போதாது. கூகுளில் கடையின் உரிமையாளர் கணக்கோடு உள்நுழைந்திருப்பவருக்கு, அவர் செய்த திருத்தம் இன்னும் பரிசீலனையில் இருக்கும்போதே திருத்தியபடி தெரியக்கூடும். ஊருக்கெல்லாம் பழைய விபரம் தெரிந்துகொண்டிருக்கும். அதுவுமல்லாமல், நீங்கள் தினமும் போய்வரும் இடங்களை அறிந்திருக்கும் அந்தத் தொலைபேசி உங்கள் கடையையே முதலில் காட்டும். ஆகவே உங்கள் கடையை ஒருநாளும் தேடியிராத ஒருவரின் தொலைபேசியை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் உள்நுழையாமல் தேடுங்கள்.

தேடும்போது உங்களுக்குத் தெரிந்த பெயரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வாடிக்கையாளர் எப்படியெல்லாம் தட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் தட்டுவார், ஆங்கிலத்தில் தட்டுவார், ஆங்கிலத்தில் தனக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் தட்டுவார். பெயரில் வெற்றி என்ற சொல் இருந்தால் Vetri, Vettri, Wetri என்று மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஊரின் பெயரையே Kilinochchi என்றும் Killinochchi என்றும் எழுதுகிறார்கள். பெயரே தெரியாமல் water pump Kilinochchi என்று பொருளையும் ஊரையும் தட்டுபவர்களும் உண்டு. இவற்றோடு, உங்கள் விடயத்தில் மிக முக்கியமாக, கடையின் பெயரோடு Paranthan என்று சேர்த்துத் தேடுங்கள். பிறகு வரைபடத்தில் பரந்தன் சந்திக்கே போய், பழைய கட்டடம் இருந்த இடத்தைப் பெரிதாக்கி, அங்கே ஏதாவது பெயர் எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நீங்கள் உருவாக்காத பதிவும் அங்கே இருக்கலாம். வாடிக்கையாளர் எவரும், வழிப்போக்கர் எவரும் வரைபடத்தில் ஓர் இடத்தைச் சேர்க்க முடியும். நீங்கள் பரந்தனில் இருந்த காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு உங்கள் கடையைச் சேர்த்திருந்தால், அது உங்களுக்குத் தெரியாமலேயே இன்றைக்கும் நிற்கும்.

இந்தத் தேடல்களில் கிடைக்கும் ஒவ்வொரு பதிவையும் தாளோடு ஒப்பிடும்போது நான் எப்போதும் குறியிலிருந்தே தொடங்குவேன். பெயரில் பிழை இருந்தாலும் ஆள் வந்து சேர்ந்துவிடுவார், குறி பிழைத்தால் வந்து சேரமாட்டார். பதிவின் குறி விழுந்திருக்கும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கி, அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து அதன் ஆள்கூறுகளை எடுத்து, தாளில் உள்ளதோடு பாருங்கள். தசமத்துக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் ஒன்று வித்தியாசம் என்றால் நிலத்தில் ஏறக்குறைய 110 மீற்றர் வித்தியாசம். நான்காம் இலக்கத்தில் ஒன்று என்றால் 11 மீற்றர், ஐந்தாம் இலக்கத்தில் ஒன்று என்றால் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட. உதாரணமாக, வாசலில் நின்று எடுத்த அகலாங்கு 9.40215 என்றும் பதிவில் உள்ளது 9.40395 என்றும் இருந்தால், வித்தியாசம் 0.00180, அதாவது 200 மீற்றர். ஏ9 வீதியில் 200 மீற்றர் என்றால் லொறிக்காரர் உங்கள் கடையைத் தாண்டிப் போய் வேறொரு கடை வாசலில் நின்று உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். நான்காம் இலக்கத்தில் ஒன்று இரண்டு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, தொலைபேசியின் அளவீட்டிலேயே அவ்வளவு தடுமாற்றம் வரும்.

குறி சரியான காணிக்குள் விழுந்திருப்பதாலேயே வழி சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இதை நான் ஓர் உறவினரின் கடையில் கற்றுக்கொண்டேன். புதுக்குடியிருப்புப் பக்கம் அவருக்குக் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை இருக்கிறது. முன்வாசல் பிரதான வீதியைப் பார்க்கிறது, காணி நீளமானது, பின்பக்கத்தில் ஒரு மண் ஒழுங்கை ஓடுகிறது. வரைபடத்தில் குறி காணியின் நடுவில், கிணற்றுக்குக் கிட்ட விழுந்திருந்தது. இரவில் வீட்டில் இருந்து, செய்மதிப் படத்தைப் பார்த்து, பெரிய கூரை தெரிந்த இடத்தில் அவருடைய மகன் வைத்த குறி அது. அந்தப் பெரிய கூரை கடையுடையது அல்ல, பின்னால் இருந்த களஞ்சியத்துடையது. மாரி காலத்தில் குழாய்கள் ஏற்றிவந்த லொறி ஒன்று தொலைபேசி சொன்ன வழியே அந்த மண் ஒழுங்கைக்குள் இறங்கிப் புதைந்து, பின்னேரம் வரைக்கும் உழவு இயந்திரத்தால் கட்டி இழுக்க வேண்டி வந்தது. குறி காணிக்குள்தான் இருந்தது. ஆனால் வழிகாட்டும் செயலிகள் பொதுவாகக் குறிக்கு மிகக் கிட்ட இருக்கும் வீதியைப் பார்த்து, வழியை அங்கே கொண்டுபோய் முடிக்கின்றன. கிணற்றடிக்குப் பிரதான வீதியை விட ஒழுங்கை கிட்ட இருந்ததால் செயலி ஒழுங்கையைத் தெரிந்தது. குறியை முன்வாசலுக்கு, வீதியைப் பார்த்த படிக்கட்டில் கொண்டுவந்து வைத்த பின்பு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஆகவே குறியைப் பார்த்த கையோடு வழியையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஆட்கள் வரும் திசைகள் இரண்டு மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசுவமடுவில் இருந்து முல்லைத்தீவு வீதியால் பரந்தனுக்கு வந்து திரும்புபவருக்கு ஒரு வழி, மாங்குளத்தில் இருந்து ஏ9 வீதியால் வடக்கே வருபவருக்கு இன்னொரு வழி, அக்கராயன் பக்கத்தில் இருந்து வருபவருக்கு மற்றொன்று. ஒவ்வோர் இடத்தையும் புறப்படும் இடமாக வைத்து வழியைக் கேட்டு, கடைசி 300 மீற்றரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். நீல வரி உங்கள் வாசலில் முடிகிறதா, பின் ஒழுங்கையில் முடிகிறதா, வீதிக்கு அடுத்த பக்கத்தில் முடிகிறதா என்பது தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் ஏ9 வீதியை ஒட்டியே புகையிரதப் பாதையும் போகிறது என்பதால், குறி தண்டவாளத்துக்கு அடுத்த பக்கம் விழுந்துவிட்டால் வழி கடவையைத் தாண்டிச் சுற்றிப் போகும். அப்படிச் சுற்றுவதைக் கண்டால் குறி எங்கோ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும்போது எண்ணை வாசித்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பதிவில் உள்ள அழைப்புப் பொத்தானையே அழுத்தி, உங்கள் தொலைபேசி அடிக்கிறதா என்று பாருங்கள். எண்ணை நாட்டுக் குறியோடு எழுதும்போது முன்னால் உள்ள சுழியம் போய்விட வேண்டும். 021 என்று தொடங்கும் நிலையான இணைப்பு +94 21 என்று ஆகும். சுழியத்தை விடாமல் +94 021 என்று எழுதிவைத்த பதிவுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன், அவை பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் அழைப்புச் சரியாகப் போகும் என்று நம்ப முடியாது. உங்களுக்குப் பரந்தனில் ஒரு நிலையான இணைப்பு இருந்து அதைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த எண்ணை எல்லாத் தளங்களில் இருந்தும் கட்டாயம் எடுக்க வேண்டும். நாளைக்கு அது வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம்.

நேரத்தில் வரும் பிழைகளில் பெரும்பான்மையானவை முற்பகல், பிற்பகல் மாறிப்போவதால் வருபவை. காலை 8.00 முதல் மாலை 6.00 வரை என்பதற்குப் பதிலாக இரவு 8.00 முதல் காலை 6.00 வரை என்று தெரிவாகிவிட்டால், பதிவு பகல் முழுக்கப் பூட்டியிருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டும். இதைக் கண்டுபிடிக்க இலகுவான வழி, கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒரு தடவையும் பூட்டிய பிறகு ஒரு தடவையும் பதிவைத் திறந்து, திறந்திருக்கிறது என்றா பூட்டியிருக்கிறது என்றா காட்டுகிறது என்று பார்ப்பதுதான். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி ஆகிய நாட்களில் பூட்டுவதை வழமையான நேரத்தில் கைவைக்காமல், விசேட நாட்களுக்கான நேரம் என்ற பகுதியில் தனியாகப் போடலாம். போயா தினத்தில் நீங்கள் பூட்டுபவரானால் அதையும் அங்கேதான் போட வேண்டும். காலபோக விதைப்புக்கு முந்திய வாரங்களில் நேரத்தைக் கூட்டித் திறப்பீர்களானால் அதையும் அங்கேயே சேர்க்கலாம்.

இப்போது பழைய பதிவுக்கு வருவோம். பரந்தனில் ஒரு பதிவும் கரடிப்போக்கில் ஒரு பதிவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு, பழையதை நிரந்தரமாக மூடப்பட்டது என்று குறித்துவிடுகிறார்கள். உங்கள் கடை மூடப்படவில்லை, இடம் மாறியிருக்கிறது. அப்படிக் குறித்தால் உங்கள் பெயரைத் தேடுபவருக்குச் சிவப்பு எழுத்தில் நிரந்தரமாக மூடப்பட்டது என்று வரும், அதைப் பார்த்தவர் புதிய பதிவைத் தேடாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். அதோடு பரந்தனில் இருந்த காலத்தில் வாடிக்கையாளர் எழுதிய நல்ல கருத்துகளும் அந்த மூடிய பதிவோடு கிடந்துவிடும்.

செய்ய வேண்டியது, இரண்டில் எது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய பதிவு உங்கள் கணக்கில் இருந்து, புதிய இடத்தில் இன்னும் எதுவும் இல்லாவிட்டால், வேலை சுலபம். புதிதாக ஒன்றை உருவாக்காமல், அதே பதிவில் முகவரியையும் குறியையும் மாற்றுங்கள், கருத்துகளும் கூடவே வரும். மாற்றிய பிறகு கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லக்கூடும், அது வழமையானது. புதிய பதிவு உங்களுடையதாக இருந்து, பழையது யாரோ சேர்த்ததாக இருந்தால், பழைய பதிவைத் திறந்து Suggest an edit என்பதை அழுத்தி, மூடுவது அல்லது நீக்குவது என்ற தெரிவுக்குள் போய், இது இன்னொரு பதிவின் பிரதி என்று குறித்து, எந்தப் பதிவின் பிரதி என்று கேட்கும்போது கரடிப்போக்கில் உள்ளதைக் காட்டுங்கள். இரண்டும் இரண்டு முகவரிகளில் இருப்பதால் இது சிலவேளை ஏற்கப்படாது. அப்படியானால் பழைய பதிவையும் உரிமை கோரி எடுத்துக்கொண்டு, அதன் முகவரியைப் புதிய இடத்துக்கு மாற்றி, பிறகு இரண்டையும் ஒன்றாக்கும்படி உதவிப் பகுதிக்கு எழுதுவதே நிச்சயமான வழி.

எந்தப் பதிவும் யாருடைய கணக்கிலும் இல்லாவிட்டால் அதில் Claim this business என்றோ Own this business? என்றோ ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் கடை உங்களுடையது என்பதை நிரூபிக்கச் சொல்லும். தொலைபேசி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல், காணொளி என்று வழிகள் பல இருந்தாலும் எது கிடைக்கும் என்பதைக் கூகுளே தீர்மானிக்கும். காணொளி கேட்டால் வீதியில் இருந்து தொடங்கி, பக்கத்துக் கடைகளும் உங்கள் பெயர்ப்பலகையும் தெரிய, கதவைத் திறந்து உள்ளே போய், இறாக்கைகளையும் பணம் வாங்கும் மேசையையும் காட்டி, இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பலகையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் இங்கேதான் தட்டுப்படும். முதலிலேயே தாளில் எழுதி ஒரு பெயரை முடிவுசெய்யுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவு ஏற்கனவே யாருடையதோ கணக்கில் இருப்பதாகக் காட்டினால், பயப்படுவதற்கு முன்னர் கடையில் முன்பு வேலை செய்த பிள்ளைகளைக் கேளுங்கள். கடைக்கென்று மின்னஞ்சல் இல்லாத காலத்தில் தன்னுடைய சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு வெளிநாடு போன தம்பியின் கணக்கில் கடைகள் கிடப்பது நம்மிடம் சர்வசாதாரணம். அவரைப் பிடிக்க முடிந்தால், அவர் தன் கணக்கில் இருந்தே உங்களை உரிமையாளராகச் சேர்த்துவிடலாம். முடியாவிட்டால் உரிமைக்கான வேண்டுகோளை அங்கேயே அனுப்பலாம், அவர் சில நாட்களுக்குள் பதில் தராவிட்டால் நீங்கள் சரிபார்ப்புக்கு முன்னேறக்கூடும். இந்த நேரத்தில் கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் பதிவைச் சரிசெய்து தருகிறோம், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாராவது அழைத்தால் சொல்லாதீர்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் பதிவு அவர் கைக்குப் போய்விடும்.

கூகுள் வரைபடம் முடிந்த பிறகு மற்றத் தளங்களைப் பார்க்கலாம். எல்லாத் தளங்களையும் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தித் தேடுவதை விட இலகுவான உபாயம் ஒன்று இருக்கிறது. உங்கள் தொலைபேசி எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கூகுளில் தேடுங்கள். பழைய எண் இருந்தால் அதையும் தேடுங்கள். ஒவ்வொரு தளமும் எண்ணை ஒவ்வொரு விதமாக எழுதும் என்பதால், இடைவெளி இல்லாமல் பத்து இலக்கமும் சேர்த்து ஒரு தடவையும், இடைவெளி விட்டு ஒரு தடவையும், +94 போட்டு ஒரு தடவையும் தேட வேண்டும். நீங்கள் பெயரே கேள்விப்படாத விபரக்கொத்துத் தளங்கள் அப்போது வெளியே வரும். இப்படியான தளங்கள் பல, விபரங்களைத் தாங்களாகச் சேகரிப்பதில்லை, வேறெங்கோ இருந்து பிரதி எடுக்கின்றன. அதனால் பெரிய மூலங்களை முதலில் திருத்திவிட்டு, பிறகே இவற்றுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் இன்றைக்கு நீங்கள் திருத்திய தளம், அடுத்த தடவை பிரதி எடுக்கும்போது பழைய விபரத்தையே மறுபடி கொண்டுவந்து வைக்கும்.

பெரிய மூலங்கள் என்று நான் சொல்வது சிலவற்றைத்தான். பேஸ்புக்கில் உங்கள் கடைப் பக்கத்தில் உள்ள முகவரியையும் சிறிய வரைபடத்தையும் பாருங்கள், அதோடு உங்கள் கடையின் பெயரில் நீங்கள் உருவாக்காத பக்கம் ஒன்று தானாக உருவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது அங்கே வந்ததாகப் பதிவிட்டபோது அப்படியான பக்கங்கள் உருவாவதுண்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக ஆப்பிள் வரைபடத்திலும் தேடுங்கள். அதைத் திருத்த 2023இல் ஆப்பிள் கடைக்காரருக்கென்று தனிச் சேவை ஒன்றைத் தொடங்கியது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் புலம்பெயர்ந்தவர்கள் பலரிடம் ஐபோன்தான் இருக்கிறது, அண்ணனுக்கோ மாமாவுக்கோ பம்பி வாங்கிக் கொடுக்க வருபவர்களும் அவர்கள்தான். ஸ்ரீலங்கா டெலிகொம் நிறுவனத்தின் ரெயின்போ பேஜஸ் விபரக்கொத்தில் உங்கள் பழைய இணைப்பு இருந்ததா என்றும் பாருங்கள்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இணைப்பில்லாமல் வழிகாட்டும் ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் அதில் இருந்தே வரைபடத்தை எடுக்கின்றன. சமிக்ஞை விட்டுவிட்டு வரும் இடங்களில் ஓடுபவர்களுக்கு அவை பயன்படும். அது எவரும் திருத்தக்கூடிய வரைபடம். ஒரு கணக்கைத் திறந்தால் உங்கள் கடையை நீங்களே சேர்க்கலாம், அல்லது இந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று ஒரு குறிப்பு விட்டுவிட்டு வரலாம். உரிமையாளர் சரிபார்ப்பு எதுவும் அங்கே இல்லை. விவசாயப் பொருட்கள், இயந்திரங்கள் விற்கும் கடையை அங்கே கீழ்க்கண்டவாறு எழுதுவார்கள். பெயர், எண் வரிகளை உங்கள் தாளில் உள்ளபடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

```
shop=agrarian
opening_hours=Mo-Sa 08:00-18:00; Su 08:00-12:00
```

நேரத்தை இருபத்து நான்கு மணி முறையில் எழுத வேண்டும் என்பதால் முற்பகல், பிற்பகல் குழப்பம் இங்கே வராது. ஆனால் நீங்கள் திருத்தியதைச் செயலியில் பார்க்க, அந்தச் செயலியின் வரைபடத்தைப் பயன்படுத்துபவர் புதிய பதிப்பை இறக்கியிருக்க வேண்டும், ஆகவே உடனே தெரியவில்லை என்று மறுபடி மறுபடி திருத்த வேண்டாம்.

திருத்தங்கள் சில நிமிடங்களில் தெரிபவையும் உண்டு, பல நாட்கள் எடுப்பவையும் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தையும் செய்த திகதியைத் தாளில் அதற்கு நேரே எழுதி, ஒரு கிழமை கழித்து, மறுபடியும் வேறொருவரின் தொலைபேசியில் பாருங்கள். ஒரு தடவை சரியாக வந்த பதிவும் அப்படியே நிற்கும் என்று சொல்ல முடியாது. மற்றவர்களின் பரிந்துரைகளையும் வேறு மூலங்களில் இருந்து கிடைத்த விபரங்களையும் வைத்து, உங்களைக் கேட்காமலேயே கூகுள் உங்கள் பதிவை மாற்றக்கூடும். அப்படி மாற்றியதை உரிமையாளர் கணக்கில் உள்நுழைந்து திருத்தும் பக்கத்துக்குப் போனால், வேறு நிறத்தில் காட்டும். சரியென்றால் ஏற்கலாம், பிழையென்றால் நிராகரிக்கலாம். உங்கள் விடயத்தில் இந்த ஆபத்துக் கூட, ஏனென்றால் பேஸ்புக்கிலோ விபரக்கொத்திலோ பரந்தன் முகவரி மிச்சம் இருக்கும் வரைக்கும் அதுவே உண்மை என்று யாராவது பரிந்துரைக்க இடமுண்டு. ஆகையால் முதல் மூன்று மாதத்துக்கு மாதம் ஒருமுறையும், பிறகு ஒவ்வொரு போகமும் தொடங்க முன்னர் ஒருமுறையும் பார்த்தால் போதுமென்பது என் அனுபவம். பதிவில் வாடிக்கையாளர் போட்ட படங்களையும் அப்போது தட்டிப் பாருங்கள். முதலாவதாக வரும் படத்தில் பரந்தன் கட்டடத்தின் முகப்பு தெரிந்தால், குறியைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருபவர் அந்த முகப்பைத்தான் தேடுவார். புதிய முகப்பை, வீதிக்கு அடுத்த பக்கத்தில் நின்று, பெயர்ப்பலகை முழுதாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் புதிய கடைக்கு இதுவரை வந்திராத ஒருவரை, தருமபுரத்திலோ பூநகரியிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை, கடையின் பெயரை மட்டும் சொல்லி, யாரிடமும் வழி கேட்காமல் தொலைபேசியை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கினார், எந்தத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தித் திரையைப் பார்த்தார், பரந்தனில் ஒரு கணமாவது வேகத்தைக் குறைத்தாரா என்று வந்த பிறகு கேட்டு, தாளின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் நேரே உங்கள் படிக்கட்டுக்கு வந்து இறங்கினால் அந்தத் தாளை மடித்து இலாச்சிக்குள் வைத்துவிடலாம்.